எம்டிக்கு மெயில் டிராஃப்ட்: பிரிண்ட்டா, வாட்ஸ்அப்பா, டாக்ஸா, Drafts ஃபோல்டரா?

போன மாசம் எனக்கு தங்கச்சி முறை ஆகுற ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு, இங்க சேலத்துலயே ஒரு கம்பெனில எம்டிக்கு பிஏ-வா சேர்ந்து மூணு வாரம்தான் ஆச்சு, "அக்கா நான் எழுதுற எல்லா மெயிலும் திரும்பி வருது, இது நான் பேசுற மாதிரி இல்லைங்கிறாரு, எப்படி எழுதணும்னும் சொல்ல மாட்டேங்கிறாரு"ன்னு. எந்த வழியில அப்ரூவல் வாங்குறேன்னு நான் முதல்ல கேட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு அவளுக்குப் புரியல. நிறைய சம்பந்தம் இருக்கு, அதைத்தான் இங்க எழுதப் போறேன்.

நான் ஆறு வருஷமா ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல பிஏ. காபியும் மிளகும். சார் ஏற்காட்டுலயே தங்கிட்டாரு, ஆபீஸ் கீழ அஞ்சு ரோடு பக்கம், செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் இருபது ஹேர்பின் பெண்ட் இறங்கி வருவாரு. மீதி நாள்ல எந்த மெயிலா இருந்தாலும் மேல போய் கீழ வரணும், எஸ்டேட் பங்களால டவர் வரும் போகும். அதனால இந்த நாலு வழியையும் நான் மாத்தி மாத்தி செஞ்சு பாத்துட்டேன். மெயில் எல்லாம் இங்கிலீஷ்லதான் போகும், படிக்க வசதியா அதுல இருக்குற விஷயத்தை தமிழ்ல சொல்றேன்.

முதல்ல பிரிண்ட் அவுட். பழைய முறைதான், டிராஃப்ட்ட டபுள் ஸ்பேஸ்ல பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வச்சு டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்து அனுப்புறது, சார் பேனாவால அடிச்சு திருத்தி கையெழுத்து போட்டு அனுப்புவாரு. காலைல போனது சாயங்காலம்தான் வரும், அவசரத்துக்கு ஆகாது. ஆனா சேர்ந்த புதுசுல இதை விட நல்ல வழி கிடையாதுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். பேனா கையில இருந்தா பெரியவங்க தயங்காம அடிப்பாங்க. போன்ல அதே வரியைப் பாத்தா "சரி போகட்டும்"னு விட்டுடுவாங்க. எங்க சார் என்னோட முதல் மாச டிராஃப்ட்ல 'கைண்ட்லி'ங்கிற வார்த்தைய ஒவ்வொரு இடத்துலயும் சுழிச்சு வச்சிருந்தாரு, காரணம் எதுவும் எழுதல, ஆனா பதினஞ்சு பேப்பர் சேர்ந்ததும் எனக்கே தெரிஞ்சு போச்சு. அந்தப் பேப்பரை எல்லாம் தூக்கிப் போடாம ஒரு ஃபைல்ல வச்சிருந்தேன், அதுதான் எனக்குப் பாடப் புத்தகம்.

வாட்ஸ்அப் தான் எல்லாரும் பண்றது. வேகம், அதுல சந்தேகமே இல்ல. ஒண்டிக்கடை பக்கம் சார் வந்தாலே மெசேஜ் விழுந்துடும், "ஓகே"ன்னு ரெண்டு செகண்ட்ல பதில் வந்துடும். ஆனா அந்த ஓகே எதுக்கு குடுத்த ஓகே? எனக்கு நடந்ததைச் சொல்றேன். ரெண்டாவது வருஷம், ஒரு பையருக்கு விலை பத்தி ஒரு மெயில், முதல் டிராஃப்ட் அனுப்புனேன், அப்புறம் அக்கவுண்ட்ஸ்ல ஒரு நம்பர் மாறுச்சுன்னு ரெண்டாவது டிராஃப்ட் அனுப்புனேன், அதை அனுப்புன கையோட சாரோட ஓகே வந்துச்சு. நான் ரெண்டாவதுக்குன்னு நெனச்சு அனுப்பிட்டேன். அவருக்கு டவர் இல்லாததால முதல் டிராஃப்ட் மட்டும்தான் அப்போ போய்ச் சேர்ந்திருந்தது, ரெண்டாவதுக்கு ஒரு டிக் தான், அதை நான் பாக்கல. கிலோவுக்கு நாலு ரூபா வித்தியாசம், அவர் பாக்காத விலை அவர் பேர்ல போயிடுச்சு. அவர் திட்டல, ஆனா அந்த பையர்கிட்ட அவரே போன் போட்டு அந்த விலையை ஒத்துக்கிட்டாரு, நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். இன்னைக்கு வரைக்கும் மறக்கல.

இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல அனுப்புன மெசேஜை பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணலாம்ல, அதை டிராஃப்ட்டுக்கு ஒருநாளும் பண்ணாதீங்க, அவர் படிச்சது ஒண்ணு அங்க நிக்கிறது ஒண்ணுன்னு ஆயிடும். மாத்தணும்னா புதுசா அனுப்பி, மேல 'டிராஃப்ட் 2, முன்னாடி அனுப்புனதை விட்டுடுங்க சார்'னு ஒரு வரி போடுங்க. அவரோட ஓகே அந்த மெசேஜுக்கு ரிப்ளையா வந்தாத்தான் கணக்கு. வாட்ஸ்அப்ல போல்டுக்கு போடுற ஸ்டார் குறி மெயில்ல அப்படியே ஸ்டாராவே போய் நிக்கும், அதையும் பாத்துக்கோங்க.

வாட்ஸ்அப்ல எனக்கு உண்மையிலேயே உதவுறது வேற ஒண்ணு, வாய்ஸ் நோட். "சார், இதுக்கு என்ன சொல்லணும்"னு கேட்டா அவர் முப்பது செகண்ட் பேசி அனுப்புவாரு, தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவாரு, ஆனா எதை முதல்ல சொல்றாரு, எதை சொல்லாம விடுறாருங்கிறது அதுல இருக்கும். அந்த வரிசையிலயே டிராஃப்ட் எழுதுனா பாதி வேலை முடிஞ்சிடும். ஆக, எழுதுறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப் சரி, எழுதுனதுக்கு அப்புறம் அப்ரூவல் வாங்க அது சரியில்லங்கிறது என் முடிவு.

கூகுள் டாக்ஸ் இல்லன்னா வேர்ட்ல ட்ராக் சேஞ்சஸ் போட்டு அனுப்புறது மூணாவது. டாக்ஸ்ல Suggesting மோடுல வச்சா யார் எதை மாத்துனாங்கன்னு கலர்ல நிக்கும். நீளமான லெட்டர், ஆடிட்டரும் பாக்கணும் வக்கீலும் பாக்கணும்னா இதுதான், வேற பேச்சே இல்ல. ஆனா ஆறு வரி மெயிலுக்கு இதைத் திறக்கச் சொன்னா அறுபது வயசுக்கு மேல இருக்குறவர் போன்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு "நீயே பாத்து அனுப்பிடும்மா"ன்னு சொல்லிடுவாரு, அது அப்ரூவல் இல்ல, அலுப்பு.

நாலாவதுதான் நான் இப்ப அன்றாடம் பண்றது, அவரோட மெயில்பாக்ஸ்லயே டிராஃப்ட்டா வச்சிட்டு வர்றது. எங்களது கூகுள் வொர்க்ஸ்பேஸ். அட்மின் முதல்ல டெலிகேஷன், அதாவது ஒருத்தர் மெயில்பாக்ஸை இன்னொருத்தர் பாத்துக்குற வசதியை, ஆன் பண்ணணும், அப்புறம் சாரோட ஜிமெயில் செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் பகுதியில `Grant access to your account`னு இருக்கும், அங்க என் ஐடியைச் சேத்தாரு, எனக்கு வந்த இன்விடேஷனை நான் ஒத்துக்கிட்டேன், வேலை செய்ய ஒரு நாள் வரைக்கும் ஆகலாம். அதுக்கப்புறம் அவரோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியவே வேண்டாம். நிறைய ஆபீஸ்ல பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதி பிஏ கையில குடுத்துடுறாங்க, தயவுசெஞ்சு அதை வாங்காதீங்க, நாளைக்கு ஏதாவது தப்பா போச்சுன்னா அனுப்புனது நீங்களா அவரான்னு யாராலயும் சொல்ல முடியாது, ஓடிபி வேற ஒவ்வொரு தடவையும் அவர் போனுக்குத்தான் போகும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. டெலிகேட்டா நான் அந்த மெயிலை அனுப்புனா, வாங்குறவங்களுக்கு சாரோட பேருக்குப் பக்கத்துல `sent by` போட்டு என் ஐடியும் தெரியலாம், அந்த செட்டிங்கைப் பொறுத்தது. அவுட்லுக்லயும் இதே கதைதான், `Send on Behalf` குடுத்திருந்தா "இவருக்காக இவர்"னு ரெண்டு பேரும் தெரியும், `Send As` குடுத்திருந்தா பாஸ் பேர் மட்டும்தான் தெரியும். நான் டிராஃப்ட்டை மட்டும் வச்சிட்டு வெளிய வந்துட்டா, சார் அவர் போன்ல டிராஃப்ட்ஸைத் திறந்து, படிச்சு, ரெண்டு வார்த்தை மாத்தி, அவரே செண்டை அழுத்துவாரு, அப்போ அது எல்லா விதத்துலயும் அவர் மெயில். அப்ரூவலும் அனுப்புறதும் ஒரே விரல்ல முடிஞ்சிடுது. எந்த வெர்ஷனுக்கு ஓகேங்கிற குழப்பமே வராது, கண்ணு முன்னாடி இருக்குறது ஒரே வெர்ஷன்.

ஆனா இந்த வழியில ஒரு பெரிய நஷ்டம் இருக்கு, எனக்கு அது தெரியவே எட்டு மாசம் ஆச்சு. சார் டிராஃப்ட்டை மாத்தி அனுப்பிட்டா என்னோட டிராஃப்ட் காணாமப் போயிடும், செண்ட்ல இருக்குறது அவர் திருத்துனது மட்டும்தான். அவர் என்ன மாத்துனாருன்னு எனக்குத் தெரியாது. பேப்பர்ல சுழிச்ச காலத்துல மாசத்துக்கு மாசம் என் டிராஃப்ட் அவர் மாதிரி ஆயிட்டே வந்துச்சு, இதுக்கு மாறுன பிறகு அது அப்படியே நின்னு போச்சு, அவர் மட்டும் சத்தமில்லாம தினமும் திருத்திட்டே இருந்திருக்காரு. திரும்பி வர்ற மெயில் குறைஞ்சிருச்சுன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்.

இப்ப என்ன பண்றேன்னா, ஒவ்வொரு டிராஃப்ட்டையும் அவர் பாக்ஸ்ல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பியை என் டாக்ஸ்ல தேதியோட ஒட்டி வச்சுக்குறேன். சனிக்கிழமை மதியம் அந்த வாரத்து செண்ட் மெயிலை அது பக்கத்துல வச்சு பாப்பேன். சின்ன மெயிலுக்கு கண்ணே போதும், நீளமா இருந்தா டாக்ஸ்ல Tools மெனுல `Compare documents`, வேர்ட்ல Review-ல `Compare`, ரெண்டும் வித்தியாசத்தைக் கலர்ல காட்டிடும். வாரத்துக்கு இருபது நிமிஷம் கூட ஆகாது.

சரி, அவர் மாதிரி எழுதுறது எப்படின்னு தங்கச்சி கேட்டதுக்கு வர்றேன். செண்ட் ஃபோல்டர்ல இருந்து ஒரு நாப்பது மெயில் எடுத்துப் படின்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்றது சரிதான், ஆனா எந்த நாப்பதுங்கிறதுல நான் முதல்ல ஏமாந்துட்டேன். நான் எடுத்ததுல பாதிக்கு மேல எனக்கு முன்னாடி இருந்த பிஏ எழுதுனது. அவர் எழுதுன ஆபீஸ் இங்கிலீஷை, 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு', 'டூ த நீட்ஃபுல்', எல்லாத்தையும் சாரோட குரல்னு நெனச்சு நான் ரெண்டு மாசம் காப்பி அடிச்சேன். பாஸ் தன் கையால டைப் பண்ணது எதுன்னு கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கு: போன்ல இருந்து அனுப்புனது. கீழ போனோட பேர் போட்ட வரி இருக்கும், இல்லன்னா ஆபீஸ் சிக்னேச்சரே இருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல, ஞாயித்துக்கிழமை போனதும் பெரும்பாலும் அவரே எழுதுனதுதான். அந்த மாதிரி எடுத்தா எனக்கு இருபத்தாறுதான் தேறுச்சு, அது போதுமானதா இருந்துச்சு.

அதை யாருக்குப் போனதுன்னு பிரிச்சேன், பையருக்கு, பேங்க் ஆடிட்டருக்கு, எஸ்டேட்ல கணக்கு எழுதுற ரைட்டருக்கும் ஸ்டாஃபுக்கும், மத்த எஸ்டேட்காரங்களுக்கு. ஒரே ஆள் நாலு பேர்கிட்ட நாலு விதமாத்தான் பேசுவாரு, ஒட்டுமொத்தமா ஒரு குரல் தேடுனா கிடைக்காது. பையருக்கு எழுதும்போது எங்க சார் கெட்ட செய்தியை முதல் வரியிலயே வச்சிடுவாரு. அஞ்சு ஆறு வாக்கியம்தான். வேலையைப் பத்தி சொல்லும்போது 'நாங்க', வாக்குக் குடுக்கும்போதும் தப்பை ஏத்துக்கும்போதும் 'நான்', இது எந்த மெயில்லயும் மாறல. பழைய பையருக்கு மட்டும் 'வார்ம் ரிகார்ட்ஸ்', மத்தவங்களுக்கு வெறும் 'ரிகார்ட்ஸ்'. கோவமான மெயில் ஒண்ணு கூட இல்ல, ஏன்னா கோவம் வந்தா அவர் போன்தான் பண்ணுவாரு, அப்புறம் போற மெயில் 'பேசுனபடி'ன்னு ரெண்டு வரியில முடிஞ்சிடும். இது தெரியாம நான் ஒரு தடவை பேமெண்ட் தராத ஒருத்தருக்கு கடுமையா ஒரு டிராஃப்ட் போட்டேன், சார் அதை முழுசா அழிச்சிட்டு "நான் பேசிக்கிறேன்மா"ன்னாரு.

ஒரு மெயிலை முழுசா காட்டுறேன். போன வருஷம் டிசம்பர், காபி பறிக்கிற சீசன், களத்துல பார்ச்மெண்ட், அதாவது சதை எடுத்த காபிக்கொட்டை, காயுது, மழை விடல. வெயில் சரியா இருந்தா ஒரு வாரம் பத்து நாள்ல காஞ்சிடும், அப்போ தார்பாய் போடுறதும் எடுக்குறதுமாவே போச்சு. பெங்களூர்ல காபி வறுக்குற ஒரு ரோஸ்டருக்கு 18ஆம் தேதி அனுப்புறதா சொன்னது 27 ஆகும்னு ரைட்டர் சொன்னாரு. நான் முதல்ல எழுதுனது இப்படி இருந்துச்சு:

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம். எதிர்பாராத வானிலை காரணமாக உலர்த்தும் பணியில் தாமதம் ஏற்பட்டுள்ளது. தங்கள் சரக்கை கூடிய விரைவில் அனுப்ப எல்லா முயற்சியும் எடுத்து வருகிறோம். தங்கள் ஒத்துழைப்பைக் கோருகிறோம்."

இதைப் படிச்சா யார் எழுதுனதுன்னு தெரியாது, எந்தக் கம்பெனில இருந்தும் வந்திருக்கலாம். தேதியே இல்ல, 'நான்' இல்ல, கெட்ட செய்தி ரெண்டாவது வரில சுத்தி வளைச்சு நிக்குது. என் குறிப்பை எடுத்து வச்சுக்கிட்டு திரும்ப எழுதுனேன்:

"உங்க காபி 18ஆம் தேதி கிளம்பாது, [[27]]ஆம் தேதி கிளம்பும். பத்து நாளா களத்துல மழை. ஈரத்தோட மூட்டை கட்டுனா 18க்கே அனுப்பிடலாம், ஆனா அதை நான் பண்ண மாட்டேன். நாங்க [[22]]ஆம் தேதி ஈரப்பதம் பாத்து ரீடிங்கை உங்களுக்கு அனுப்புறோம். இதனால உங்க ரோஸ்டிங் தள்ளிப் போனா எனக்கு போன் பண்ணுங்க."

அந்த ரெட்டை சதுர அடைப்புக்குறி என்னன்னா, எனக்கு உறுதியா தெரியாத, சார் பாத்து சொல்ல வேண்டிய விஷயம். அவர் கண்ணு நேரா அங்கதான் போகும். அனுப்புறதுக்கு முன்னாடி அந்தக் குறி ஒண்ணு கூட மிச்சம் இருக்கக் கூடாதுங்கிறது எங்களுக்குள்ள ஒப்பந்தம். டூ கட்டத்தை காலியா விட்டுட்டு, பையர் ஐடியை டிராஃப்ட்டோட முதல் வரியில தனியா எழுதி வைப்பேன், அதுக்குக் கீழ சாருக்கு மட்டும் ஒரு குறிப்பு: யாருக்கு, எதுக்கு இப்ப, அவர் எதை முடிவு பண்ணணும். டூ காலியா இருந்தா கை தவறி செண்ட் அழுத்துனாலும் போகாது. அவர் அந்த மேல் வரிகளை அழிச்சு ஐடியை எடுத்துப் போட்டு அனுப்பணும், அந்த அஞ்சு செகண்ட் வேலைக்காகவாவது ஒரு தடவை முழுசா படிப்பாரு. ஜிமெயில்ல அண்டூ செண்டை முப்பது செகண்டுக்கு வச்சிருக்கோம், அதுக்கு மேல அதுல வைக்க முடியாது.

அன்னைக்கு சார் 27ஐ 29ன்னு மாத்துனாரு. நான் ஏன்னு கேட்டப்போ, "சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி போனா நல்ல பேரு, ஒரு நாள் பின்னாடி போனா பேரே போச்சு"ன்னாரு. கடைசி வரியை அடிச்சுட்டு 'நான் வியாழக்கிழமை உங்களைக் கூப்பிடுறேன்'னு எழுதுனாரு, அவங்க போன் பண்ணட்டும்னு விடாம இவரே பண்றது. சனிக்கிழமை ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தப்போதான் இது எனக்குப் பட்டுச்சு, அதுக்கப்புறம் பையர் மெயில் எதுலயும் 'போன் பண்ணுங்க'ன்னு நான் எழுதுறதில்ல. தேதி எதுவா இருந்தாலும் ரைட்டர்கிட்ட கேட்டதுக்கு மேல ரெண்டு நாள் சேத்து அடைப்புக்குறிக்குள்ள போடுறேன்.

டிராஃப்ட்ஸ் வழியிலயும் தகராறு உண்டு. நான் கீழ டிராஃப்ட்டைத் திறந்து வச்சுட்டே இருந்து, அவர் மேல அதே நேரத்துல போன்ல திருத்துனா ஒருத்தர் மாத்துனது போயிடும். அதனால வச்சிட்டு உடனே மூடிட்டு, "டிராஃப்ட்ஸ்ல ஒண்ணு இருக்கு சார்"னு வாட்ஸ்அப்ல ஒரு வரி, அதுக்கப்புறம் அவர் பதில் வர்ற வரைக்கும் நான் அதைத் தொடுறதில்ல. டவர் ரெண்டு நாள் சுத்தமா இல்லன்னா மறுபடி டிரைவர் அண்ணனும் பேப்பரும்தான். இன்னொண்ணு, ஜிமெயில் டெலிகேட் ஆயிட்டா அவரோட எல்லா மெயிலும் நமக்குத் தெரியும், குடும்ப விஷயம் உட்பட, ஒரு பகுதியை மட்டும் மறைக்க முடியாது. நான் முதல் நாளே சார்கிட்ட சொல்லி, வீட்டு விஷயத்துக்கு தனியா வேற ஐடி வச்சுக்கச் சொன்னேன். அது பிஏ-வா நம்ம வாயிலிருந்து வர்றதுதான் மரியாதை.

தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான். முதல் மூணு மாசம் பிரிண்ட்டும் பேனாவும், அவர் ஆபீஸ்லயே இருக்குறவருன்னா டிரைவர் கூட தேவையில்ல. அதுக்கப்புறம் டிராஃப்ட்ஸ், கூடவே சனிக்கிழமை ஒப்பிட்டுப் பாக்குறது, அது இல்லாம டிராஃப்ட்ஸுக்குப் போகாத. டாக்ஸ் மூணு பேர் பாக்குற லெட்டருக்கு மட்டும். வாட்ஸ்அப் எழுதுறதுக்கு முன்னாடி கேக்குறதுக்கு. மீட்டிங் நேரம் மாத்துறது, பில் கிடைச்சதுன்னு சொல்றது மாதிரி சின்னதுகளை அவர் எழுத்துல ஒத்துக்கிட்டா உன் பேர்லயே அனுப்பு, அவர் குரலே அதுக்குத் தேவையில்ல. பணம், தேதி, விலை, பேங்க், கவர்மெண்ட் ஆபீஸ் எதுவா இருந்தாலும் செண்ட் அழுத்துற விரல் அவரோடதா இருக்கட்டும்.

"அப்போ எல்லாத்தையும் நாம எழுதலாமாக்கா"ன்னு கேட்டா. ஒண்ணு மட்டும் நான் எழுதுறதில்ல. யாராவது தவறிட்டாங்கன்னா அந்த மெயிலுக்கு நான் டிராஃப்ட் போடுறதே இல்ல, போனவங்க பேர், வீட்டுல யார் யார் இருக்காங்க, சார் அவங்களைக் கடைசியா எப்போ பாத்தாருங்கிறதை பழைய மெயில்ல தேடி ஒரு சீட்டுல எழுதி டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்து விட்டுடுவேன். அன்னைக்கு ராத்திரி போன்ல இருந்து அவரே எழுதுவாரு.